‘தள்ளுபடி மழை’யை நிறுத்துவது

விளம்பரத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் போதும் என்றுதான் கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். கடைகளின் சமூக ஊடகக் கணக்குகளைக் கவனிப்பது என் பிழைப்பு. நிறுத்துவது என்றால் ஆறேழு குழாய்களை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். அதில் சிலவற்றின் திருகு நம் கையிலேயே இருக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தி.நகரிலும் தூத்துக்குடியிலும் கிளை வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். டிசம்பர் 4ஆம் தேதிக்குச் சென்னை உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் அரசு விடுமுறை அறிவித்ததுமே, முந்தைய நாளே, நிறுத்தும் வேலையைத் தொடங்கினோம். தண்ணீர் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நம் வீட்டிலேயே கரண்டும் நெட்டும் இருக்காது. அதனால் லாகின் ஒன்று எப்போதும் வெளியூரில் ஒருவரிடம் இருக்கும். எங்களுக்கு அது கோவையில் இருந்த சகா.

நேரம் குறித்து வைத்த பதிவுகளை மெட்டா பிசினஸ் சூட்டில் டிராஃப்டுக்கு மாற்றினோம். அழிக்கவில்லை, பிறகு எடுத்துப் பார்க்கலாம். இதோடு முடிந்தது என்று பலர் எழுந்துவிடுவார்கள். ஆனால் காசு கட்டி ஓடும் விளம்பரம் ஆட்ஸ் மேனேஜரில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும், பூஸ்ட் செய்த பழைய பதிவு உட்பட. அதை அங்கே போய்த்தான் அணைக்க வேண்டும். முந்தின இரவு போட்ட ஸ்டோரி 24 மணி நேரம் உயிரோடு இருக்கும், அதையும் எடுக்க வேண்டும்.

“துட்டு கட்டியாச்சே தம்பி?” என்றார் கடை முதலாளி அண்ணாச்சி.

“ஓடுனாத்தான் அண்ணாச்சி காசு போகும். அணைச்சா மிச்சம்தான். ஏழு நாளுக்கு மேல அணைச்சு வச்சா மட்டும், திரும்பப் போடும்போது யாருக்குக் காட்டணும்னு முதல்லேருந்து கத்துக்கும். கொஞ்ச நாள் பலன் குறையும்.”

“குறைஞ்சா குறையட்டும்.”

கஷ்டம் கொடுத்தவை எங்கள் கைக்கு எட்டாதவை. மறுநாள் காலை பத்து மணிக்குப் போகவேண்டிய எஸ்எம்எஸ், மொத்தமாக அனுப்பும் ஏஜென்சியின் வரிசையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனை எடுக்க வேண்டும். புடவை ரீல் எடுத்த பெண்ணுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பணம் குறையாது, தேதி மட்டும் தள்ளிப்போகிறது என்று சொல்லி ஒத்திவைத்தோம். அந்த எஸ்எம்எஸ்ஸில் இருந்த வாசகம் ‘தள்ளுபடி மழை’. நம் விளம்பர மொழியில் சலுகை எப்போதும் மழையாகப் பொழியும், வெள்ளமாகப் பாயும். சாதாரண நாளில் யாரும் கவனிக்காத சொற்கள்தான். முடிச்சூரில் மொட்டை மாடியில் நிற்பவரின் போனில் அது வந்து விழுந்தால் ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றும்.

அடுத்த கேள்வி, என்ன போடுவது. கடை லோகோவோடு கைகூப்பும் படத்தை நான் போடவிடுவதில்லை. எங்களால் மட்டுமே சொல்லக்கூடியது எதுவோ அதை மட்டும் சொன்னோம்: கடை மூடியிருக்கிறது, டெலிவரி தாமதமாகும், பணம் கட்டிய ஆர்டர்கள் பத்திரமாக இருக்கின்றன. மீட்பு எண்களில் மாநகராட்சியின் 1913, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1070 தவிர எதையும் பகிரவில்லை. தனியார் எண்கள் ஒவ்வொரு வெள்ளத்திலும் பழைய படத்தோடு திரும்ப வருகின்றன. அடித்தால் யாரும் எடுப்பதில்லை. எங்கள் பதிவிலும் தேதி, நேரத்தை முதல் வரியிலேயே எழுதினோம். வீடியோ இல்லை, வெறும் எழுத்து. சார்ஜ் குறைந்த போனில், இழுத்து இழுத்து வரும் நெட்டில் அதுதான் திறக்கும்.

எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளங்கள் மூன்று. கூரியர்காரர்கள் எந்த பின்கோடுகளை எடுக்கிறார்கள், கடைப் பையன்கள் எத்தனை பேர் வேலைக்கு வந்துவிட்டார்கள், இன்பாக்ஸில் “கடை திறந்திருக்கா?” என்பதைத் தாண்டி “இந்தக் கலர் இருக்கா?” என்று கேட்கிறார்களா. தி.நகர் பழைய நிலைக்கு வந்த பிறகும் பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடியவில்லை. அதனால் முதலில் சலுகை ஏதும் இல்லாத சாதாரணப் பதிவுகள். விளம்பரங்களில் தென்சென்னைப் பகுதிகளை விலக்கி வைத்தோம். ஆனால் காசு கட்டாத பதிவை நாங்கள் அப்படிப் பகுதி பார்த்து விலக்கவில்லை. பின்தொடர்பவர் எந்த ஊரில் இருந்தாலும் கண்ணில் படலாம்.

கிறிஸ்துமஸ் விற்பனைப் பதிவுகளை டிராஃப்டிலிருந்து எடுத்து மறுபடி அடுக்கிய வாரத்தில்தான் தெற்கே கொட்டியது. டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். அண்ணாச்சியின் தூத்துக்குடிக் கிளைக்குள் தண்ணீர். சென்னை தேறிவிட்டது, இங்கே மட்டும் ஓட்டலாமே என்றார் மேலாளர். பக்கம் ஒன்றுதான், அதைத் தூத்துக்குடி வாடிக்கையாளரும் பார்ப்பார் என்பதால் எல்லாம் மறுபடி டிராஃப்டுக்குப் போனது. சென்னையைக் குறிவைத்த கட்டண விளம்பரம் மட்டும், சலுகை வாசகத்தை எடுத்துவிட்டு, ஓடியது.

பொங்கலுக்கான அட்டவணையில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தோம். ஒவ்வொரு பதிவுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் நேராக, அதை நிறுத்தக்கூடியவர் யார், ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் போன் எண் எது என்று.