உத்திரத்தின் நுனி

கொல்கத்தாவின் பழைய வீடுகளில் மல்லாந்து படுத்தால் தலைக்கு மேலே கோடு கோடாக மரம் தெரியும். சுவருக்குச் சுவர் போகிற பெரிய உத்திரத்தை இங்கே கோரி என்பார்கள். அதன்மேல் நெருக்கமாகப் படுத்திருக்கும் சின்னச் சட்டங்கள் போர்கா. அதற்கும் மேலே தட்டையோடு, சுண்ணாம்பும் செங்கல் தூளும் ஜல்லியும் சேர்த்து இடித்துக் கெட்டித்த தளம். நம் ஊர் மெட்ராஸ் டெரஸுக்குப் பங்காளி முறை. சுவர் இருபது அங்குலத்துக்குக் குறையாது. பவானிப்பூரில் இப்படி ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். கோடையில் அந்தச் சுவரின் அருமை தெரியும். மழைக்காலத்தில் அதே சுவர் வேறொரு கதை சொல்லும்.

பழைய வீட்டில் பூச்சி எங்கே இருக்கும் என்று கேட்டால் எல்லோரும் கண்ணில் பட்ட இடத்தைக் காட்டுவார்கள். அலமாரியின் முதுகு, ஜன்னல் சட்டம், சமையலறை மூலை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது உத்திரத்தின் நுனியை. அதாவது, சுவருக்குள்ளே போய் மறைகிற அந்த அரை முழம். காற்றுப் படாது, வெளிச்சம் படாது, சுவர் குடித்த ஈரமெல்லாம் வந்து சேரும், மேலே கூரையின் பாரமும் அதன்மேல்தான். வீட்டிலேயே மிக முக்கியமான மரம், யாரும் பார்க்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே வருஷத்துக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இந்த வீடுகள் கட்டிய காலத்தில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் தடுக்கும் பூச்சு வைக்கும் பழக்கம் பரவலாக இல்லை. அதனால் மண்ணின் நீர் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. கீழ்த்தளத்தில் இடுப்பு உயரம் வரை காரை பொரிந்து, உப்புப் பூத்து நிற்பதைப் பார்க்கலாம். மேல்தளத்து நுனிக்கு ஈரம் பெரும்பாலும் வேறு வழியில் வரும்: உடைந்த மழைநீர்க் குழாய், விரிசல் விட்ட கார்னிஸ், அதில் முளைத்த அரசங்கன்று.

தேக்கோ சாலோ, வைரம் பாய்ந்த கட்டையைக் கரையான் லேசில் தொடாது. கட்டையின் வெளிப்புற வெளுப்பைத் தின்னும், வைரத்தில் திணறும். ஆனால் நுனி வருஷக்கணக்கில் நனைந்து கிடந்தால் முதலில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்துத் தளர்ந்த மரம் கரையானுக்குப் பக்குவமான சாப்பாடு. ஆகவே கரையான் முதல் குற்றவாளி இல்லை. தண்ணீர் போட்டுவைத்த பாதையில் அது பின்னால் வருகிறது. மருந்தடித்த வீட்டில் மூன்றாம் வருஷம் அதே இடத்தில் மறுபடி புற்று கிளம்புவதற்குப் பாதிக் காரணம், தண்ணீரை யாரும் நிறுத்தாததுதான்.

எங்கள் வீட்டில் விஷயம் தெரியவந்தது கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமில். வீட்டுக்காரம்மாவை நான் மாஷிமா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஸ்டோர் ரூம் மூன்று தலைமுறைச் சொத்து. தகரப் பெட்டிகளில் பஞ்சு மெத்தைகள், சாக்குக்குள் பித்தளைப் பாத்திரங்கள், கயிறு கட்டிய பூஜைச் சிறப்பிதழ்கள், மாமனாரின் சட்டப் புத்தகங்கள், சுவரோடு ஒட்டி ஒரு மர அலமாரி. மழை தொடங்கிய ஜூன் மாதத்தில் ஒருநாள் உள்ளே போனவர், தரையில் இறக்கைகள் குவிந்திருப்பதைப் பார்த்துக் கூப்பிட்டார்.

ஈசல் மழைக்கு வருவதுதான். விளக்கைத் தேடி வெளியிலிருந்து வந்த ஈசலைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. இதுவோ பூட்டிய அறை, விளக்குப் போடாத அறை. அங்கே இறக்கை உதிர்ந்து கிடக்கிறது என்றால் ஈசல் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து புறப்பட்டிருக்கிறது. எறும்புக்கும் சிறகு முளைக்கும் என்பதால் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. இதில் நான்கும் ஒரே அளவு.

அலமாரியை நகர்த்த நான்கு பேர் வேண்டியிருந்தது. பின்னால் சுவரில் பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு தரையிலிருந்து கிளம்பி, தோள் உயரத்தில் காரைக்குள் நுழைந்து மறைந்தது. மாஷிமா துடைப்பத்தை ஓங்கிவிட்டார். வந்திருந்த வயதான தச்சர் தடுத்தார். "துடைக்காதீங்க மா. அதுதான் நமக்கு வழிகாட்டி." அவர் ஒரு விரல் அளவுக்கு மட்டும் உடைத்தார். உள்ளே வெள்ளையாகச் சில பூச்சிகள் அலைந்தன. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது உடைத்த இடம் புது ஈர மண்ணால் அடைபட்டிருந்தது. பாதை உயிரோடு இருக்கிறது. அப்படியே காய்ந்து திறந்து கிடந்தால் அது பெரும்பாலும் பழைய தடம். வேறு இடத்தில் தேட வேண்டியதுதான். கரையானின் உடம்பு மெலிது, திறந்த காற்றில் உலர்ந்து செத்துவிடும். அதனால்தான் எங்கே போனாலும் மண்ணால் மூடிக்கொண்டு போகிறது. மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த நேரத்தில் அந்தக் குழாயில் இருந்தவை சாகும், அவ்வளவே.

கோடு எங்கே போகிறது என்று பார்க்க அதே சுவரின் நேர்மேலே, என் அறைக்கு வந்தோம். தச்சர் ஏணியில் ஏறி, திருப்புளியின் கைப்பிடியால் உத்திரத்தை நடுவிலிருந்து நுனி நோக்கித் தட்டிக்கொண்டே போனார். நடுவில் கணீரென்ற சத்தம். சுவருக்கு ஒன்றரை அடி இருக்கும்போது சத்தம் மாறியது, பொத்துப் பொத்தென்று. பெயின்ட் மட்டும் வழவழப்பாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. கரையான் மேல்தோலை விட்டுவைத்துவிட்டு உள்ளே தின்னும். எனாமல் பெயின்ட் அந்தத் தோலுக்கு நல்ல போர்வை. திருப்புளி முனையை அழுத்தினார். பிடிவரை போயிற்று. நான் அந்த உத்திரத்தின் கீழேதான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மரத்தைக் கெடுப்பதெல்லாம் மண் கரையான் இல்லை. தரையில் கசகசாவைக் கொட்டினாற்போல் சின்னச் சின்ன மணிகள் சேர்ந்தால் அது உலர்மரக் கரையான். அதற்கு மண்ணோடு சம்பந்தமே வேண்டாம், கட்டைக்குள்ளேயே குடித்தனம். கோதுமை மாவு போன்ற தூள் கொட்டி, குண்டூசித் துளைகள் தெரிந்தால் மரத்துளைப்பான் வண்டு. உளுத்துப் போச்சு என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த இரண்டுக்கும் தரையில் மருந்து விட்டுப் பயனில்லை, மரத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். எங்கள் வீட்டு உத்திரத்தின் கீழ் மணியும் இல்லை, மாவும் இல்லை, மண் மட்டுமே.

வெளிச்சுவரைப் போய்ப் பார்த்தபோது கணக்கு நேரானது. அந்த நுனிக்குச் சரியாக வெளியே, வார்ப்பிரும்பு மழைக்குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. பாசி பச்சையாக வழிந்திருந்தது. பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் அரசு. குழாயை முதலில் மாற்றினோம். அரசை வெறுமனே வெட்டினால் வேர் சுவருக்குள் இருந்து இன்னும் வீம்பாகத் தழைக்கும். கொத்தனார் கல்லைப் பிரித்து வேரோடு எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தார். சிமெண்ட் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சிமெண்ட் பூசினால் சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தைத் தேடிப் போகும் என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

பிறகுதான் மருந்து. கட்டி முடித்த கட்டடங்களுக்கான இந்திய தர விதி ஐ.எஸ். 6313இன் மூன்றாம் பகுதி. சுவரின் அடியில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை சரிவாகப் போட்டு, சுவர் ஏற்கும்வரை, ஒரு துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் கரைசல் செலுத்தச் சொல்கிறது. மரமும் சுவரும் சேரும் இடத்தில் இன்னும் மெல்லிய துளைகள், இன்னும் நெருக்கமாக. காகிதத்தில் சுலபம். எங்கள் ஸ்டோர் ரூமில் இரண்டு துளைகள் லிட்டரை விழுங்கிவிட்டு இன்னும் கேட்டன. கரைசல் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிய இடம் முற்றத்துச் சாக்கடை ஓரம். அங்கே புது மண் குவியல்: பெருச்சாளி வளை. கல்கத்தாவின் தானியக் கிடங்குகளில் இந்த வங்கப் பெருச்சாளி நடத்தும் ராஜ்யத்தை ஜுவான் ஸ்பில்லெட் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து எழுதியது 1968இல் புத்தகமாகவே வந்தது. குடும்ப வீட்டுக்கும் அது வரும். சுண்ணாம்புச் சாந்து அதன் பல்லுக்குப் பெரிய தடையில்லை. சுவரடியில் அது தோண்டிய வெற்றிடம் இருக்கும்வரை கரையான் மருந்து மண்ணில் தங்காது, சாக்கடைக்கே போய்ச் சேரும். முற்றத்தில் குடிநீர்த் தொட்டி இருக்கிற வீட்டில் இது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. அன்று மருந்துப் பம்பை நிறுத்தினோம். வளையைத் திறந்து, கண்ணாடிச் சில்லும் ஜல்லியும் போட்டு அடைத்து, சாக்கடை வாய்க்கு இரும்புக் கம்பி வலை மாட்டிய பிறகு மறுபடி தொடங்கினோம்.

உத்திரத்துக்குக் கடைசியில் வந்தோம். பொறியாளர் சொன்னபடி என் அறையிலும் நேர்கீழே ஸ்டோர் ரூமிலும் முட்டுக் கொடுத்து, கரையான் தின்ற இரண்டடியை அறுத்தெடுத்து, இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து, நல்ல மரத்தோடு போல்ட் போட்டு இறுக்கினார்கள். சேனலின் முனை இப்போது சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது. மரத்தின் நுனி சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளியைப் பூசி அழகுபடுத்தக் கூடாது என்று மாஷிமாவிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்டோர் ரூம் பாடம் வேறு. அங்கே இருந்த சாமான்களில் பாதிக்கு மேல் கரையான் தொடவே இல்லை. சட்டப் புத்தகங்களின் அட்டைப் பசையை இராமபாணப் பூச்சி சுரண்டியிருந்தது, மெத்தைக்குள் சுண்டெலி குட்டி போட்டிருந்தது. ஆனால் சேதம் எவ்வளவு என்பதைவிட, சாமான் எதை மறைத்தது என்பதே பெரிது. சுவரில் சாய்ந்த ஒவ்வொரு மூட்டையும் ஒரு மண்கோட்டுக்குத் திரை. இப்போது எல்லாம் இரும்பு ஸ்டாண்டில், தரைக்கு அரையடி மேலே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறது. டார்ச் அடித்தால் நாலு சுவரின் அடியும் தெரிய வேண்டும், அதுதான் விதி. பூஜைச் சிறப்பிதழ்களில் எதைப் போடுவது என்ற பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.

இன்னொன்றும் முடியவில்லை. உத்திரத்துக்கு இரண்டு நுனி. மறு நுனி உட்கார்ந்திருப்பது பக்கத்து வீட்டோடு பொதுச் சுவரில். அந்த வீடு வாரிசு வழக்கில் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் குழாய் எப்படி இருக்கிறது, தரையில் என்ன குவிந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை. எங்கள் பக்கத்திலிருந்து துளை போட்டு மருந்து விட்டாயிற்று. தச்சர் அந்த நுனியைத் தட்டிப் பார்த்து, "இப்போதைக்குக் கெட்டியா இருக்கு பாபு, மழைக்கு முன்னால ஒரு தடவை, பின்னால ஒரு தடவை தட்டுங்க" என்றார். திருப்புளியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.