மூன்று வருஷமா, ஏழு வருஷமா?

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நான் கணக்குப் பார்த்த காலத்தில், கூரையில் ஒரு மெகாவாட் சோலார் போடலாம் என்று முதலாளி முடிவுக்கு வந்திருந்தார். பேனல் போட வந்த நிறுவனம் கொடுத்த தாளில், போட்ட பணம் மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை. முதலாளி ஆசைப்பட்டுவிட்ட ஒரு காரியத்துக்கு எதிரான எண்ணோடு அவர் எதிரில் போய் உட்கார எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தத் தாளை அப்படியே மேலே அனுப்பிவிடலாமா என்றுகூட இரண்டு நாள் யோசித்தேன். மனசு கேட்கவில்லை.

நிறுவனத்தின் கணக்கு எளிமையானது. செலவு 4 கோடி. வருஷத்துக்கு 15 லட்சம் யூனிட் உற்பத்தி. யூனிட்டுக்கு 9 ரூபாய் மிச்சம். அப்படியானால் வருஷத்துக்கு 1 கோடியே 35 லட்சம். நான்கு கோடியை அதால் வகுத்தால் மூன்று வருஷம்கூட ஆகாது.

எனக்கு முதலில் இடித்தது அந்த 9 ரூபாய். எங்கள் மின் கட்டண மொத்தத்தை, வாங்கிய யூனிட்டால் வகுத்து அந்த எண்ணை எடுத்திருந்தார்கள். ஆனால் உயர் அழுத்த இணைப்பின் பில்லில் யூனிட்டுக்கான கட்டணம் ஒரு பகுதிதான். டிமாண்ட் சார்ஜ் தனி இனம். மாதத்தின் உச்சபட்ச கேவிஏ, அல்லது அனுமதி பெற்ற டிமாண்டில் 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். நூற்பாலை இரவிலும் ஓடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு ரிங் ஃப்ரேமும் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனும் கம்ப்ரசரும் சேர்ந்து ஓடும்போது கூரையில் சூரியன் இல்லை. ஆகவே சோலார் போட்டாலும் டிமாண்ட் சார்ஜ் ஒரு பைசா குறையாது. மாலை நேரத்து பீக் அவர் கட்டணமும் அப்படித்தான். சோலார் உண்மையில் மிச்சப்படுத்துவது பகலில் வாங்காமல் விடும் யூனிட்டின் கட்டணத்தை மட்டும். 2024 ஜூலை திருத்தத்துக்குப் பின் அது 7 ரூபாய் 25 காசாக இருந்தது. மின்வரியைச் சேர்த்து, நம் கூரை மின்சாரத்துக்கே வாரியம் அப்போது யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிய நெட்வொர்க் கட்டணத்தைக் கழித்து, ஆறரை ரூபாய் என்று வைத்துக்கொண்டேன்.

உற்பத்தியையும் 14 லட்சமாகக் குறைத்தேன். நூற்பாலையின் கூரை மற்ற கூரை மாதிரி இல்லை. ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் வெளியே தள்ளும் காற்றோடு பஞ்சுத் தூசி வந்து பேனலில் படியும். பனி பெய்த காலையில் அது ஒட்டிக்கொண்டால் வெறும் தண்ணீருக்குப் போகாது. கழுவுகிற ஆள், தண்ணீர், இன்ஷூரன்ஸ், சில்லறைப் பழுது எல்லாவற்றுக்கும் வருஷம் 7 லட்சம் ஒதுக்கினேன். ஆக 91 லட்சத்தில் 7 போக, கையில் நிற்பது 84 லட்சம். பேனலின் உற்பத்தி வருஷா வருஷம் கொஞ்சம் குறையும், மின்கட்டணம் கொஞ்சம் ஏறும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும் என்று அந்த 84-ஐ மாற்றாமல் வைத்தேன். நான்கு கோடியை இதால் வகுத்தால் 4 வருஷம் 9 மாதம். சாதாரண பேபேக் இதுதான்.

இந்தத் தாளோடுதான் போனேன். முதலாளி கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “இதுல வட்டி எங்கீங்க?”

நியாயமான கேள்வி. அஞ்சாவது வருஷம் வரப்போகிற 84 லட்சமும் இன்றைக்குக் கையிலிருக்கும் 84 லட்சமும் ஒன்றல்ல. வங்கி எங்களிடம் 10 சதவீதம் வாங்குகிறது. அந்த வீதத்தில் கழித்துக்கொண்டு வந்தால், முதல் வருஷ 84 லட்சத்தின் இன்றைய மதிப்பு 76 லட்சம், மூன்றாம் வருஷத்தது 63, ஐந்தாம் வருஷத்தது 52. இப்படிக் குறுகிய தொகைகளைக் கூட்டினால், ஆறு வருஷ முடிவில் 3 கோடியே 66 லட்சம்தான் சேர்கிறது. மீதி 34 லட்சம் ஏழாவது வருஷத்தில்தான் அடைபடும். வட்டி கழித்த பேபேக் 6 வருஷம் 10 மாதம். வீதத்தை 13 ஆக்கினால் எட்டு வருஷத்துக்குப் பக்கத்தில் போய்விடும். அதனால் வீதத்தைச் சொல்லாமல் இந்தக் காலத்தை மட்டும் யாராவது சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

அதன் பிறகு நாங்கள் பேசியதுதான் எனக்குப் பாடம். ஏழு வருஷம் இந்த மில் இதே மாதிரி ஓடுமா என்றார் அவர். 2022 மே மாதத்தில் ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது எத்தனை மில்கள் உற்பத்தியைக் குறைத்தன என்று இருவருக்கும் தெரியும். மில் நின்றால் பேனல் நிற்காது. ஆனால் அந்த மின்சாரம் கிரிட்டுக்குப் போகும், அதற்குக் கிடைக்கும் விலை நாம் வாங்கும் விலையைவிட வெகு குறைவு. மூன்றாவது வருஷம் அப்படியொரு காலம் வந்து, 84 லட்சம் 50 லட்சமாகச் சுருங்கினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். வட்டி கழித்த பேபேக் 7 வருஷம் 5 மாதமாகிறது. அது தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது வேறு இடத்தில் இருந்தது. நான்கு கோடியில் 2.8 கோடியை ஐந்து வருஷக் கடனாக வாங்கினால் வருஷத் தவணை 74 லட்சம். அந்தக் கெட்ட வருஷத்தில் 24 லட்சம் துண்டு விழும், அதுவும் பஞ்சு வாங்கவே பணமில்லாத நேரத்தில். ஏழு வருஷக் கடனென்றால் தவணை 57.5 லட்சம், துண்டு ஏழரை லட்சம். இது சமாளிக்கிற தொகை.

பேபேக் எதுவானாலும் பணம் திரும்பிய நாளோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லாது. பேனல் இருபது வருஷத்துக்கு மேல் ஓடும். இன்வெர்ட்டரைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவு பேபேக் கணக்கில் வரவே வராது. இருபது வருஷ வரவை 10 சதவீதத்தில் கழித்து, போட்ட நான்கு கோடியையும் பன்னிரண்டாவது வருஷத்தில் இன்வெர்ட்டருக்கு 40 லட்சத்தையும் எடுத்துவிட்டால் இன்றைய மதிப்பில் சுமார் 3 கோடி மிஞ்சுகிறது. வருமான வரியில் சோலாருக்குக் கிடைக்கும் 40 சதவீதத் தேய்மானத்தை இதில் நான் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால், மிச்சமாகும் மின்கட்டணம் லாபத்தைக் கூட்டி வரியையும் கூட்டுவதைச் சேர்த்தே ஆகவேண்டும். ஒன்றை மட்டும் சேர்ப்பது தப்பு.

மூன்று வருஷம் என்ற தாள் பொய்யாக இருந்தும், திட்டம் நல்ல திட்டம்தான் என்று முதலாளியிடம் சொன்னேன். ஏழு வருஷக் கடனில் போட்டோம்.

உங்கள் மில்லுக்கு யாராவது இப்படியொரு தாளோடு வந்தால், கடந்த பன்னிரண்டு மாத பில்லையும் எடுத்து வைத்து, யூனிட் கட்டணத்தை மட்டும் பிரித்து அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வங்கி வட்டியைச் சொல்லி, அதைக் கழித்து இன்னொரு முறை போடச் சொல்லுங்கள்.