பிள்ளையின் கையில் டேப்: எந்தக் கதவைப் பூட்டுவது?

சென்ற ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பு ஓரிரவில், எட்டு வயதான எம் இளைய மகன் தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுந்தான். விளக்கை அணைக்க விடவில்லை. அவனுடைய உம்மா மடியில் கிடத்தி ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதிய பின்னரும் உறங்கவில்லை. நெடுநேரம் கழித்து எம்மிடம் கேட்டான்: “வாப்பா, மக்காவுக்கும் மதீனாவுக்கும் அவன் வரமாட்டானாம். நம்ம ஊருக்கு வருவானா?”

“யாரு?”

“ஒத்தக் கண்ணன்.”

அவன் தஜ்ஜாலைக் கேட்கிறான் என்பது அப்போதுதான் விளங்கியது. மக்தபில் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு நாம் அந்தப் பாடத்தை இன்னும் நடத்தவில்லை. மறுநாள் சுப்ஹு தொழுதுவிட்டு வந்து, வீட்டிலிருந்த டேப்பைத் திறந்து அதில் பார்க்கப்பட்டவற்றின் பட்டியலை எடுத்தோம். முந்திய நாள் அஸருக்குப் பின் அவன் பார்க்கத் தொடங்கியது, பிள்ளைகளுக்காகச் சிறு சூராக்களை ஓதிக் காட்டும் ஒரு காணொளி. அது முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடியிருக்கிறது. அதற்கடுத்ததும் அவ்வாறே. நான்காவதாக வந்தது கியாமத் நாளின் அடையாளங்களைப் பற்றிய ஒரு பயான். இரத்தச் சிவப்பான வானமும் தீப்பிழம்பும் ஒற்றைக் கண்ணும் வரையப்பட்ட முகப்புப் படம். பின்னணியில் அச்சமூட்டும் ஓசை.

அந்தக் காணொளி அவன் முன் எவ்வாறு வந்தது என்று ஆராய்ந்தபோது வெட்கமே மிஞ்சியது. அந்த டேப், கொரோனா காலத்தில் மூத்த மகளின் இணையவழி வகுப்புக்காக வாங்கியது. பின்னர் அது வீட்டுப் பொதுச்சொத்தாகிவிட்டது. எம் தாயார் அதில் பயான் கேட்பார்கள், சமையல் பார்ப்பார்கள். நாம் வகுப்புக்குக் குறிப்பெடுக்க மார்க்க உரைகளைக் கேட்போம். மறுமை அடையாளங்களைப் பற்றிப் பெரிய மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக அதற்கு முந்திய வாரம் அத்தகைய உரைகள் பலவற்றை நாமே வரிசையாகக் கேட்டிருந்தோம். எல்லோருக்கும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கில் யார் எதைப் பார்த்தாலும், அதைப் போன்றதையே செயலி அடுத்தவருக்கும் எடுத்து நீட்டும். மகனை அச்சுறுத்திய காணொளியை அவனிடம் கொண்டுசேர்த்தது எமது தேடல்தான்.

பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு என்றதும் நம்மில் பெரும்பாலோர் ஆபாசத்தை மட்டுமே எண்ணுகிறோம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். யூடியூபின் அமைப்புகளில் General என்னும் பகுதியில் Restricted Mode என்று ஒன்று உண்டு. ஓராண்டுக்கு முன்பே அதை இயக்கிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்துவிட்டோம். பெரியவர்களுக்குரியவை என அடையாளம் காணப்பட்ட காணொளிகளை மறைப்பதே அதன் வேலை. அதிலும் அது முழுமையானதன்று. ஆலிம் ஒருவர் அமர்ந்து கியாமத்தைப் பற்றிப் பேசும் உரையை அது ஏன் மறைக்கப்போகிறது? அன்று காலை அதனை அணைத்தும் இயக்கியும் ஒரே சொல்லைத் தேடிப் பார்த்தோம். இரு முறையும் அதே காணொளி முன்வரிசையில் நின்றது. மேலும், அந்த அமைப்பை இயக்கிய அதே இடத்தில் எவரும் அதை அணைத்துவிடலாம். அதற்குப் பூட்டு இல்லை.

ஆகவே வடிகட்டிகளைத் தேடுவதை விட்டு, இடத்தைப் பிரிப்பது என்று முடிவு செய்தோம். சூரத்துந் நூரின் 58-ஆம் வசனம், பருவமடையாத பிள்ளைகளும் மூன்று வேளைகளில் பெற்றோரின் அறைக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் எனக் கற்பிப்பதை நாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். அனுமதி கேட்க வேண்டுமானால் முதலில் அங்கே ஒரு கதவு இருக்க வேண்டுமல்லவா? எம் டேப்பில் கதவே இல்லை.

பல ஆண்ட்ராய்டு டேப்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர்களை உருவாக்கும் வசதி உண்டு. Settings சென்று தேடும் கட்டத்தில் users என்று தட்டச்சு செய்தால் அந்தப் பகுதி தென்படும். சில தயாரிப்புகளில் அதன் பெயர் Multiple users, வேறு சிலவற்றில் Users மட்டும். சில டேப்களில் இந்த வசதியையே எடுத்துவிட்டிருப்பார்கள். இருக்குமானால் Add user என்பதை அழுத்திப் புதிய பயனரை உருவாக்கலாம். புதிய பயனருக்குத் தனித் திரை, தனிச் செயலிகள், தனிக் கோப்புகள். ஒருவர் பார்த்தவற்றின் சுவடு மற்றவர் பக்கம் செல்லாது. ஐபேடில் வீட்டாருக்கு இத்தகைய பிரிவினை இல்லை. அங்கே Screen Time பகுதியில் கடவு எண் இட்டே செயலிகளை வரையறுக்க வேண்டும்.

மகனுக்கென்று ஒரு பயனரை உருவாக்கிவிட்டு மனநிறைவோடு மதரஸாவுக்குச் சென்றோம். மாலையில் திரும்பியபோது அவன் பழைய திரையில் பழைய காணொளிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையின் மேற்பகுதியை இழுத்தால் வரும் சிறு மனித உருவத்தைத் தொட்டால் பயனர் மாறுவதை அவனே கண்டுபிடித்துவிட்டான். தவறு எம்முடையது. பெரியவர்களின் பயனருக்குத் திரைப்பூட்டு இல்லாவிடில் இந்தப் பிரிவினையால் ஒரு பயனும் இல்லை. அன்றே எமது பக்கத்துக்கு ஆறு இலக்கப் பூட்டு இட்டோம். பிள்ளைகள் அறிந்த பிறந்த ஆண்டையோ வாகன எண்ணையோ பயன்படுத்தவில்லை.

அடுத்து அவன் பக்கத்தைச் சீராக்கினோம். புதிய பயனரிலும் வழக்கமான யூடியூபும் இணைய உலாவியும் முன்பே அமர்ந்திருந்தன. செயலியின் உருவை நீண்ட நேரம் அழுத்தி, App info சென்று, Disable கொடுத்து இரண்டையும் முடக்கினோம். பிளே ஸ்டோரில் Parental controls பகுதியைத் திறந்து அதற்கு வேறோர் எண் இட்டோம். அது வயதுக்கு மீறிய புதிய செயலிகளை இறக்காமல் தடுக்குமே தவிர, முன்பே உள்ளவற்றைத் தொடாது. அதனால்தான் முடக்கும் வேலையை முதலில் செய்ய வேண்டியதாயிற்று. பின்னர் YouTube Kids செயலியை இறக்கி, பெற்றோர் கணக்கில் நுழைந்து, மகனின் பெயரில் ஒரு பக்கம் திறந்தோம்.

அந்தச் செயலி வயதைக் கேட்டு Preschool, Younger, Older என்று மூன்று தட்டுகளைக் காட்டும். இவற்றைத் தவிர, பெற்றோர் தேர்ந்தெடுத்தவை மட்டுமே தோன்றும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. நாம் தேர்ந்தது அதனை. அதில் பிள்ளையால் தேட இயலாது. நாம் ஒப்பிய காணொளிகள் மட்டுமே திரையில் இருக்கும். சேனல் ஒன்றை முழுமையாக ஒப்பினால் அது பின்னாளில் வெளியிடுவனவற்றையும் சேர்த்தே ஒப்பியதாகிவிடும் என்பதால், காணொளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தே சேர்த்தோம். நேரம் பிடிக்கும் வேலைதான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அமர்ந்து அஸர் வரை பார்த்ததில் பதினான்கு காணொளிகளே தேறின. விலங்குகளைப் பற்றியவை, காகிதத்தில் உருவங்கள் செய்யக் கற்பிப்பவை, ஓவியம் சில. அவன் விரும்பிய ஒரு கார்ட்டூனையும் சேர்த்தோம். எமக்கு அது பிடிக்கவில்லை, ஆயினும் அதில் தீங்கு ஒன்றும் இல்லை.

இந்தச் செயலியின் பூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திரையின் மூலையில் உள்ள பூட்டு உருவைத் தொட்டால், பெற்றோர்தானா என்று அறிய ஒரு பெருக்கல் கணக்குக் கேட்கும். எம் மகன் பள்ளியில் வாய்ப்பாட்டை ஒப்பித்துப் பரிசு பெற்றவன். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஒரு மூச்சில் சொல்லி உள்ளே சென்றுவிட்டான். அங்கேயே நமக்கென நான்கு இலக்க எண் ஒன்றை அமைத்துக்கொள்ள வழியுண்டு. அதனை அமைத்த பிறகே பூட்டு பூட்டாயிற்று. அதே இடத்தில் நேர அளவும் வைக்கலாம். அஸர் தொழுகைக்குப் பின் முப்பது நிமிடங்கள் என்று வைத்தோம். நேரம் முடிந்ததும் திரை தானே மூடிக்கொள்ளும். ‘போதும், வை’ என்று நாம் சொல்லும்போது எழும் அழுகை, செயலியே மூடிக்கொள்ளும்போது அவ்வளவாக எழவில்லை.

பத்து நாள்களுக்குப் பின் ஒரு மாலை அவன் பட்டியலில் நாம் சேர்க்காத காணொளிகள் இருந்தன. விசாரித்தால், பேரன் அழுகிறான் என்று எம் தாயார் எண்ணைச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். “பிள்ளைக்கு ஒரு நம்பரக் கூடவா மறைக்கிறது?” என்று எம்மையே கடிந்துகொண்டார்கள். தாயாரிடம் வாதிடுவது எமக்கு வழக்கமில்லை. அந்த இரவில் அவன் கேட்ட கேள்வியை மட்டும் அவர்களிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “புது நம்பர எனக்குச் சொல்லாதே வாப்பா, நான் சொல்லிப்புடுவேன்” என்றார்கள். எண்ணை மாற்றினோம்.

எமது பக்கத்திலும் ஒரு வேலை மீதமிருந்தது. யூடியூப் அமைப்புகளில் Manage all history சென்று பழைய பார்வைப் பட்டியலை அழித்தோம். அடுத்த காணொளி தானே ஓடும் வசதியையும் அணைத்தோம். அது பிள்ளைக்காக மட்டுமன்று. ஓர் உரையைக் கேட்க அமர்ந்து மூன்று உரைகளில் எழுவது எமக்கும் வழக்கமாகியிருந்தது.

இந்த ஏற்பாடு எட்டு வயதுக்குப் போதுமானது. முடக்கிய செயலியை Settings சென்று மீண்டும் இயக்கலாம் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே நாளில் அறிந்துகொள்ளும். தனிக் கருவி வைத்திருக்கும் பெரிய பிள்ளைகளுக்கு, பெற்றோரின் கைப்பேசியிலிருந்தே மேற்பார்வையிட உதவும் Family Link போன்றவையே பொருந்தும். அண்டை வீட்டுப் பிள்ளையின் கைப்பேசிக்கோ நம் கை எட்டாது.

நாம் தேடிய அளவில், தமிழில் ஓதிக் கற்பிக்கும் நல்ல காணொளிகள் அந்தச் செயலியில் மிகக் குறைவாகவே தென்பட்டன. ஆகவே சூரத்துல் கஹ்ஃபின் முதற் பத்து வசனங்களை நாமே நிறுத்தி நிறுத்தி ஓதிப் பதிவு செய்தோம். தஜ்ஜாலின் குழப்பத்திலிருந்து அவ்வசனங்கள் காக்கும் என்னும் ஹதீஸை அவனுக்குச் சொல்லியிருந்தோம். பதிவு அவன் பக்கத்தில் தோன்றவில்லை. இரு பயனர்களின் கோப்புகளும் தனித்தனி என்பதை மறந்து எமது பக்கத்திலேயே பதிந்துவிட்டோம். அவன் பக்கத்துக்கு மாறி மீண்டும் ஒருமுறை ஓதினோம். பக்கத்தில் அமர்ந்து தவறின்றி ஓதுகிறோமா என்று கவனித்துக்கொண்டிருந்தான்.

இஷாவுக்குப் பின் படுக்கையில் அதனைக் கேட்டுக்கொண்டே உடன் ஓதுகிறான். ஆறாம் வசனம் வரை வந்திருக்கிறான். விளக்கை இன்னும் முழுமையாக அணைக்க விடுவதில்லை.