சாக்கின் மேல் எழுதிய கணக்கு

இயற்கை உரம் விற்பவர்கள் சாக்கின் மேல் அச்சிடும் வாசகங்களைப் படிப்பதில் எனக்கு நெடுநாளாக ஒரு ருசி உண்டு. ஏனெனில் அமோக விளைச்சலையும் பொன்னாக மாறும் மண்ணையும் பற்றிய பிரதிக்ஞைகள் அங்கே தாராளமாக வழங்கப்பட்டிருக்க, ஏக்கருக்கு எவ்வளவு இடவேண்டும், இட்டால் முதற்போகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்னும் விஷயங்கள் மட்டும் பெரும்பாலும் சொல்லப்படாமலே போயிருக்கும். கோபிசெட்டிபாளையத்தை அடுத்து, கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் பகுதியில் மண்புழு உரம் தயாரித்து விற்கும் ஒருவர் தம் சாக்கின் மேல் இதற்கு நேர்மாறான ஒரு வாசகத்தை அச்சிட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரையும் அவரிடம் வேலை செய்பவர்களையும் கண்டு வரச் சென்றிருந்தேன்.

தென்னங்கீற்று வேய்ந்த நீண்ட கொட்டகையில் சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. எறும்பு ஏறாமலிருக்க அவற்றின் அடியைச் சுற்றி ஒரு சிறு வாய்க்காலில் நீர் தேக்கியிருந்தார்கள். பச்சைச் சாணத்தை அப்படியே தொட்டியில் கொட்டினால் அது மக்கும்போது எழும் சூட்டில் புழுக்கள் மாண்டுபோகும் என்பதால், இலை சருகோடு கலந்து இரண்டு மூன்று வாரம் வெளியே குவித்துவைத்து, முழங்கை வரை கையை நுழைத்துப் பார்த்துச் சூடு தணிந்தது நிச்சயமான பிறகே உள்ளே போடுகிறார்கள். அதன்பின் ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தால், ஒன்றரை முதல் இரண்டு மாதத்திற்குள் மேலிருந்து கீழாகத் தேயிலைத்தூள் போன்ற கருநிற எச்சம் சேர்ந்துவிடுகிறது.

இத்தொழிலின் நாணயம் எடைபோடும் கட்டத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. உரம் எடுப்பதற்கு நாலைந்து நாள் முன்பே தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மேற்பரப்பு உலர உலரப் புழுக்கள் ஈரத்தை நாடிக் கீழே இறங்கிவிட, மேலே உள்ளதை வழித்தெடுத்துக் கூம்பாகக் குவித்துச் சல்லடையில் சலிக்கிறார்கள். இந்த நாலைந்து நாளைப் பொறுக்காதவர்களும், பொறுத்தபின் எடைக்காக மறுபடி நீர் தெளிப்பவர்களும் உண்டு; தண்ணீரை உர விலைக்கு விற்பதைவிட லாபகரமான வியாபாரம் வேறு ஏது? சலித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, "இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க சார். உருண்டை நிக்கோணும், ஆனா விரலிடுக்குல தண்ணி கசியக் கூடாதுங்க" என்றாள். உருண்டை நின்றது, கை நனையவில்லை. மணல் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் ஒரு பிடியைக் கரைத்து வைத்தால் போதுமாம். மணல் உடனே அடியில் தனியாகப் படிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அந்த வாசகத்துக்கு வருகிறேன். உரக் கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்தில் ஈரம் 15 முதல் 25 சதவீதம் வரை இருக்கலாம் என்றும், தழைச்சத்து குறைந்தது 1 சதவீதம் இருக்கவேண்டும் என்றும் பிரமாணம் வகுத்திருக்கிறது. இவர் சரக்கில், பரிசோதனைச் சாலை தந்த சீட்டின்படி, உலர்ந்த எடையில் ஒன்றரை சதவீதம் இருக்கிறது. வேறொருவராயிருந்தால் இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அதோடு திருப்தியடைந்திருப்பார். இவரோ அந்தச் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கைக் கடைசிவரை நடத்திப் பார்த்திருக்கிறார். ஏக்கருக்கு 2 டன் இடவேண்டும். அதில் கால் பங்கு ஈரம் என்றால் உலர்ந்த சரக்கு 1,500 கிலோ. அதிலுள்ள தழைச்சத்து சுமார் 22 கிலோ, அதாவது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ளதைவிடச் சற்றே அதிகம். ஆனால் யூரியாவைப்போல இது உடனே கரைந்து வேருக்குப் போய்ச் சேருவதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிறுகச் சிறுகச் சிதைத்து விடுவிக்கவேண்டியிருப்பதால், முதற்பயிருக்குக் கிட்டுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 7 கிலோ. நெல்லுக்கு ஏக்கருக்குப் பரிந்துரைக்கப்படுவதோ 60 கிலோ. ஆகவே சாக்கின் மேல் இப்படி அச்சாகியிருக்கிறது:

"ஏக்கருக்கு 2 டன், கடைசி உழவில். முதல் போகத்தில் யூரியாவை நிறுத்த வேண்டாம். மூன்று மூட்டை போடுபவர் அதில் 15 கிலோ குறைக்கலாம், அதற்கு மேல் குறைத்தால் பயிர் வெளுக்கும். முதல் போகத்திலேயே மகசூல் கூடும் என்று நாங்கள் சொல்லவில்லை. சாக்கினுள் கை வைத்துச் சூடு இருந்தாலோ சாணி வாடை அடித்தாலோ திருப்பிக் கொடுக்கவும்."

கடைசி வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. முழுதும் மக்காத சரக்கை வயலில் இட்டால், மிச்சமிருக்கும் சருகையும் சக்கையையும் தின்னும் நுண்ணுயிர்கள் தங்கள் பிழைப்புக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டுவிடும். உரம் போட்ட சில வாரங்களுக்குள் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கினால், விவசாயி முதலில் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

"இதைப் படிச்சா வாங்க வந்தவரே திரும்பிப் போயிருவாரே?" என்று கேட்டேன்.

"போவாருங்க. கிலோ எட்டு ரூபாய்ன்னா ரெண்டு டன்னுக்குப் பதினாறாயிரமுங்க. மிச்சமாகறது நூறு ரூபாய் பெறாத யூரியா. யூரியாவுக்குப் பதிலுன்னு சொல்லி இதை வித்தா, அறுவடை முடிஞ்சதும் அந்தக் கணக்கை அவரே போட்டுருவாருங்க" என்றார்.

மானிய விலையில் ஒரு யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிற நாட்டில், தழைச்சத்துக்காக மண்புழு உரம் வாங்குவது விவேகமல்ல என்பதை அதை விற்பவரே ஒப்புக்கொள்கிறார். பின்னே எதற்காக வாங்குவது? அவருடைய பதில் தோட்டக்கால் நிலத்தைப் பற்றியது. மஞ்சள் போன்ற எட்டொன்பது மாதப் பயிருக்குக் கடைசி உழவில் பாதியும் மண் அணைக்கும்போது மீதியுமாக இட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விடாமல் தொடர்ந்தால், இறுகிக் கிடந்த மண் பொலபொலப்பாகி, பாய்ச்சிய நீரைச் சற்று அதிக நேரம் பிடித்துவைத்துக்கொள்கிறது. கிழங்கு பெருக்க இடம் கிடைக்கிறது. முந்தின ஆண்டுகளில் இட்டதில் விடுபடாமல் தங்கியதும் சேர்ந்துகொள்வதால் யூரியாவையும் படிப்படியாகக் குறைக்க முடிகிறது. நெல்வயலில் இந்த நயம் அவ்வளவாகக் கிட்டாது. மண்புழு உரம் கட்டிவைக்கும் பொலபொலப்பை ஒவ்வொரு போகத்திலும் சேற்றுழவு கலைத்துவிடுகிறது. அதனால் நெல் விவசாயிகளுக்கென்று வாசகத்தின் அடியில் இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில், ஏறக்குறைய 45 நாளில், மடக்கி உழுதால் இதைவிடக் குறைந்த செலவில் அதிகத் தழைச்சத்து கிடைக்கும். தம் சரக்குக்குப் போட்டியான ஒன்றைத் தம் சாக்கிலேயே சிபாரிசு செய்த வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் இருக்கும்போதே வாய்க்கால் பாசனக்காரர் ஒருவர் இரண்டு ஏக்கர் நெல்லுக்கு 4 டன் வேண்டுமென்று வண்டியோடு வந்தார். சாக்கைப் புரட்டி வாசகத்தை நிதானமாகப் படித்துவிட்டு, "ஏனுங்ணா, அப்போ நெல்லுக்கு வேண்டாங்கறீங்களா?" என்றார். "வயலுக்கு வேண்டாமுங்க. மஞ்சள் எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்று இவர் கேட்க, கால் ஏக்கர் என்று பதில் வந்தது. அரை டன் மட்டும் எடை போட்டார்கள். தக்கைப்பூண்டு விதை எங்கே கிடைக்கும் என்று வந்தவர் விசாரித்தார். வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பு உண்டா என்று முதலில் கேட்டுப் பார்க்கும்படியும், இந்த விதைப்புக்கு நாள் தாண்டிவிட்டிருந்தால் அடுத்த போகத்துக்கு முன்னமே வாங்கி வைத்துக்கொள்ளும்படியும் சொல்லியனுப்பினார்.