நீலப் பூண்டும் நுரைத்த தேனும்

நல்ல போத்தலைக் கொட்டிவிட்டு, கெட்ட போத்தலைப் பத்திரமாக வைத்திருந்தோம். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் லயத்து அடுப்படியில் நடந்த கதை இது.

மழை தொடங்கியதும் அம்மாயிக்கு இருமல் வரும். அதனால் அக்காவும் நாங்களுமாக இரண்டு போத்தல் போட்டோம். ஒன்றில் தென்னங்கள்ளு வினாகிரி, ஒரு கைப்பிடி பூண்டு, நாலு கொத்து துளசி. மற்றதில் தேன், பெருவிரல் அளவு பச்சை இஞ்சி, அப்போதுதான் கழுவிய துளசி இலை.

மூன்றாம் நாள் வினாகிரியில் இருந்த பூண்டு நீலமாகிவிட்டது. "விஷம் ஏறிருச்சு, ஊத்திடுங்கடி" என்றார் அம்மாயி. ஊற்றிவிட்டோம். ஒரு கிழமையில் தேன் போத்தலில் நுரை கட்டியது. மூடியைத் திருகியதும் 'டப்' என்றது, லேசாகக் கள்ளு வாசம். "நல்லா ஊறிருச்சு" என்று சந்தோஷப்பட்டோம்.

இரண்டுமே தப்பு. பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டோம்.

பூண்டில் கந்தகம் கலந்த பொருட்கள் இருக்கின்றன. புளிப்பு படும்போது அவை பூண்டில் உள்ள மற்றப் பொருட்களோடு சேர்ந்து நீலம் அல்லது பச்சை நிறம் தரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் சாப்பிடலாம். நாங்கள் கொட்டியது நல்ல வினாகிரியைத்தான்.

தேன் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் தண்ணீர் குறைவு, கிட்டத்தட்ட 18 சதவீதம். அந்த அளவில் நொதிக்கிற கிருமிகளால் வளர முடியாது. நாங்களோ பச்சை இஞ்சியின் சாற்றையும், இலையில் ஒட்டிய ஈரத்தையும் உள்ளே விட்டுவிட்டோம். போதாக்குறைக்கு எங்கள் ஊர்க் காற்று. மூடியைச் சரியாக மூடாவிட்டால் தேன் அந்த ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கூடியதும் தேன் நொதிக்கத் தொடங்கிவிட்டது. இறுக்கி மூடி வைத்தால் போத்தல் வெடிக்கவும் கூடும். அதனால் நுரை, புளிப்பு வாசம், மூடி திறக்கும்போது வருகிற காற்று, இதில் எது தெரிந்தாலும் இப்போது கொட்டிவிடுகிறோம். அடியில் சீனி மாதிரி உறைவது மட்டும் பழுது இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் போத்தலை வைத்தால் கரைந்துவிடும்.

இப்போது செய்கிற முறை வேறு. போத்தலைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, முழுதாகக் காயவிடுகிறோம். தேனுக்குப் பச்சை இஞ்சி போடுவதில்லை. சுக்கைத் தட்டிப் போடுகிறோம். துளசியை மழைக்காலத்தில் வெயிலில் காயவைக்க முடியாது, அதனால் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைத்து, கையில் நொறுங்கும் வரை காயவிடுகிறோம். இரண்டு கிழமை ஊறியதும் வடித்து, காய்ந்த கரண்டியால் மட்டும் எடுக்கிறோம்.

வினாகிரிக்கு இலை காய வேண்டியதில்லை. கழுவி, துணியால் ஈரம் ஒற்றினால் போதும். ஆனால் எல்லாம் வினாகிரிக்குள் மூழ்க வேண்டும். மேலே நீட்டிய இலையில்தான் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று கிழமையில் வடித்துவிடுவோம். தகர மூடியை வினாகிரி அரிக்கும், அதனால் பிளாஸ்டிக் மூடி. வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு மூன்று மாதம், பிரிஜ்ஜில் ஆறு மாதம் வைக்கலாம். போட்ட திகதியை ஒரு துண்டில் எழுதி ஒட்டுகிறோம்.

வினாகிரியில் வழுவழுப்பான ஆடை மாதிரி ஒன்று படியலாம். அது வினாகிரியை உண்டாக்குகிற நுண்ணுயிர்களின் ஆடை, வடித்து எடுத்தால் சரி. முடி முளைத்த மாதிரி வெள்ளை, பச்சை, கறுப்புப் புள்ளி தெரிந்தால்தான் பூஞ்சணம். அதை மேலால் அள்ளிவிட்டு மிச்சத்தைக் குடிக்கக்கூடாது. புளிப்பு வாசம் குறைந்து ஊசல் வாசம் வந்தாலும் அப்படியே கொட்ட வேண்டியதுதான்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகுதான் பெரிய தப்பு ஒன்று நடக்கப் பார்த்தது. அக்காவின் பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். சளி என்று அம்மாயி தேனை விரலில் தொட்டு நாக்கில் வைக்கப் போனார். "எங்க காலத்துல சேனை வச்சுத்தானே ஒங்கள வளர்த்தோம்" என்றார். வந்திருந்த மிட்வைஃப் அக்கா கையைப் பிடித்துவிட்டார்.

ஒரு வயதுக்குள் தேனே கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை வளராது. பச்சைப் பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கலாம். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை சன்னமாகி, கைகால் தளர்ந்துபோகும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. இங்கேதான் எங்கள் கண்ணும் மூக்கும் உதவாது, ஏனென்றால் அந்தத் தேனில் நுரையும் இராது, வாசமும் இராது.

அம்மாயி இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தேன் போத்தலை எடுத்து, பிள்ளைக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தார். திகதித் துண்டுக்குக் கீழே அக்கா சிவப்புப் பேனாவால் எழுதினாள்: "பாப்பாவுக்கு இல்ல."