ஹெல்மெட் நாற்றமும் சாக்ஸ் போடாத ஷூவும்: ஒரு வேதியியல் பாடம்



இன்றைய பதிவு சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஹெல்மெட்டுக்குள் அடிக்கும் வியர்வை நாற்றத்தையும், சாக்ஸ் இல்லாமல் போட்டுக் கொள்ளும் ஷூவின் நாற்றத்தையும் எப்படிப் போக்குவது என்பதுதான் விஷயம். சிரித்து முடித்ததும் மேலே படியுங்கள். இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு சங்கதி இருக்கிறது.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மேற்பார்வை வேலை செய்கிறான். தினமும் விருதுநகரிலிருந்து பைக்கில் போய் வருகிறான். போன மாதம் கடைத்தெருவில் பார்த்தபோது ஹெல்மெட் அவன் கையில் வளையல் மாதிரி தொங்கிக் கொண்டிருந்தது. "தலையில போட வேண்டியது ஏம்ப்பா கையில தொங்குது?" என்றேன். "சார், உள்ள மூஞ்சிய விட்டா குமட்டுது. போலீஸ் நிக்கிற இடத்துல மட்டும் மாட்டிக்கிறேன்" என்றான்.

2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்ற உத்தரவு கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அபராதத்துக்குப் பயந்து வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் வாங்கிய ஹெல்மெட் தலையில் ஏறாமல் போவதற்கு இந்த நாற்றமும் ஒரு காரணம் என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்து கொண்டேன். மறுநாள் ஹெல்மெட்டையும் ஷூவையும் வீட்டுக்கே கொண்டு வரச் சொல்லிவிட்டேன்.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். புது வியர்வைக்கு அநேகமாக வாசமே கிடையாது. அது தண்ணீரும் உப்பும்தான். நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வியர்வையிலும் உதிர்ந்த தோல் செதில்களிலும் உள்ள சத்தைத் தின்று அமிலங்களை வெளியே விடுகின்றன. கால் நாற்றத்தில் முக்கியமானது ஐசோவேலரிக் அமிலம். ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா, லியூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இதை உண்டாக்குகிறது. இது சுலபமாக ஆவியாகும் அமிலம், அதனால்தான் மூக்கில் ஏறுகிறது.

ஹெல்மெட்டில் இன்னொன்றும் சேர்கிறது. நம் ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே போக அம்மாக்கள் விடமாட்டார்கள். அந்த எண்ணெய் ஹெல்மெட்டின் உள்பஞ்சில் ஊறி, வெயில் சூட்டில் சிக்குப் பிடித்து ஒரு காரல் வாடை கொடுக்கும். ஆக ஷூவில் இருப்பது பெரும்பாலும் அமிலம். ஹெல்மெட்டில் இருப்பது அமிலமும் எண்ணெயும். ஆகவே இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

என் மாணவன் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தது மூன்று. சென்ட் அடித்திருந்தான், சென்ட் வாசம் போனதும் பழைய வாசம் திரும்பி வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் இரண்டு பாச்சை உருண்டையைப் போட்டு, துணியால் மூடி வைத்திருந்தான். அடுத்து, பெட்ரோல் தொட்ட துணியால் உள்ளே துடைக்கலாமா என்று கேட்டுக் கொண்டிருந்தான்.

வகுப்பில் நான் செய்து காட்டியது சிலருக்கு நினைவிருக்கும். தெர்மகோல் துண்டின் மேல் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் அந்த இடம் அப்படியே கரைந்து குழியாகிவிடும். ஹெல்மெட்டின் பஞ்சுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே இருக்கும் கெட்டியான வெள்ளைப் பொருளும் அதே தெர்மகோல் வகைதான். கீழே விழும்போது அதுதான் நசுங்கி, மண்டைக்கு வரும் அடியை வாங்கிக் கொள்கிறது. பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. பாச்சை உருண்டையின் ஆவியும் மூடிய இடத்தில் நாள்பட இருந்தால் இந்த வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். நாற்றம் போக்கப் போய் காப்பையே கெடுத்துக் கொள்ளக் கூடாது. அவனுடைய உருண்டைகளை உடனே எடுத்து எறிந்துவிட்டு, உள்ளே விரலால் அழுத்திப் பார்த்தோம். எங்கும் குழியோ பிசுபிசுப்போ இல்லை. அதன் பிறகே கழுவ ஆரம்பித்தோம்.

அவன் ஹெல்மெட்டில் கன்னப் பகுதிப் பஞ்சு மட்டும் பட்டனில் கழன்று வரும். உச்சிப் பகுதி ஒட்டியது. கழன்றதை அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பாக்கெட் ஷாம்பு கலந்து அரை மணி நேரம் ஊற வைத்தோம். பிறகு கையால் அமுக்கி அமுக்கி அழுக்கை வெளியேற்றினோம். முறுக்கிப் பிழியக் கூடாது, உள்ளே இருக்கும் பஞ்சு கிழிந்துவிடும். ஒட்டியிருக்கும் உச்சிப் பகுதிக்கு, அதே ஷாம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் நான்கைந்து முறை ஒற்றினோம். முதல் தடவை வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அதை அவனே பார்த்து முகம் சுளித்தான்.

ஏன் ஷாம்பு, துணி சோப்பு ஏன் கூடாது என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. நம் பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சோப்பு சேர்ந்தால் வெள்ளைத் திரிதிரியாக ஒரு படிவு உண்டாகும். பஞ்சுக்குள் அது தங்கிவிட்டால் அலசினாலும் போகாது, அடுத்த வியர்வையை இழுத்துப் பிடித்துக் கொள்ளும். ஷாம்பு உப்புத் தண்ணீரிலும் திரியாது. தலை எண்ணெயை எடுப்பதற்கென்றே செய்தது என்பதால் இங்கே அதுவே பொருத்தம். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாயில் வரும் நல்ல தண்ணீரை வைத்துக் கொள்ளுங்கள்.

காய வைப்பதுதான் பாதி வேலை. ஈரம் இருக்கும்வரை பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். பஞ்சை நிழலில், காற்று வரும் கொடியில் போட்டோம். ஹெல்மெட்டைக் கவிழ்க்காமல் வாய் மேலே பார்த்தபடி மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு முழுக்க வைத்தோம். மொட்டை மாடித் தளத்தில் வெயிலில் வைக்கலாமே என்பீர்கள். நம் சித்திரை வெயிலில் தளத்தில் கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பசையும் பஞ்சும் சீக்கிரம் தளர்ந்து போகும்.

நாற்றம் போய்விட்டதா என்பதை உலர்ந்தவுடன் மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். உலர்ந்த துணி பொய் சொல்லும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சிறு துணியை உள்ளே இரண்டு நிமிடம் அழுத்தி வைத்துவிட்டு மோந்து பாருங்கள். தலை வைத்தால் என்ன வாடை வருமோ அதுதான் அப்போது வரும். அவன் ஹெல்மெட்டில் நெற்றிப் பக்கம் மட்டும் லேசாக மிச்சம் இருந்தது. அந்த இடத்தை இன்னொரு முறை ஷாம்புத் துணியால் ஒற்றியதும் சரியாகிவிட்டது.

இனி ஷூ. அவன் சாக்ஸ் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. வெடிமருந்து கையாளும் அறைகளுக்குள் ஆணி அடித்த ஷூ, செருப்போடு போகக் கூடாது. ஒரு பொறி போதும். அதனால் வாசலில் கழற்றுவதும் மாட்டுவதுமாக நாள் ஓடுகிறது. நைலான் துணி உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும், அதுவும் அங்கே ஆகாது. "பருத்தி சாக்ஸ் போடலாம்தான் சார், பத்துத் தடவை கழற்றி மாட்ட முடியுமா?" என்றான். நியாயம்தான். ஆனால் சாக்ஸ் குடிக்க வேண்டிய வியர்வையை இப்போது ஷூவின் உள் அட்டை குடிக்கிறது. சாக்ஸைத் தினம் துவைக்கிறோம், உள் அட்டையை யாரும் துவைப்பதில்லை.

இதற்கு நான் சொன்னது ஆப்பச் சோடா. அதாவது சோடியம் பைகார்பனேட். முதலில் ஷூவின் உள்ளும் புறமும் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். ஆலைக்குப் போகும் ஷூவில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கலாம். உலர்ந்தபடி தட்டித் தூசி கிளப்பக் கூடாது. அடுப்புப் பக்கம் வைத்தோ முடி உலர்த்தும் கருவியாலோ காய வைக்கவும் கூடாது. காற்றில் நன்றாகக் காய்ந்த பிறகு, உள் அட்டையை வெளியே எடுத்து, அதன் மேல் ஒரு மேசைக்கரண்டி, ஷூவுக்குள் ஒரு மேசைக்கரண்டி என்று சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட வேண்டும். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு. அந்த அமிலம் உப்பாகிவிட்டால் ஆவியாகாது. ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. காலையில் சோடாவை முழுக்கத் தட்டிக் கொட்டிவிட வேண்டும். மிச்சம் இருந்தால் காலில் அரிக்கும்.

சோடாவோடு வினிகரும் ஊற்றினால் பொங்குகிறதே, அது நன்றாக வேலை செய்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். பொங்குவது கரியமில வாயு. ஒன்றை ஒன்று அழித்துவிட்டு, மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். சேர்த்துப் போடாதீர்கள்.

சோடா ஏற்கெனவே இருக்கும் அமிலத்தைக் கட்டும். நாளைக்கு ஊறப்போகும் வியர்வையைத் தடுக்காது. அதற்கு ஒரே வழி, இரண்டு ஜோடி வைத்துக் கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது. கழற்றி வைத்த ஜோடிக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். சிவகாசியில் காலண்டர் வெட்டிய தாள் கிடைக்கிறதே என்று அதைத் திணிக்காதீர்கள். பளபளப்புப் பூச்சு உள்ள தாள் தண்ணீரைக் குடிக்காது, செய்தித்தாள் குடிக்கும். இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை மாற்றினால் நல்லது.

ஹெல்மெட்டுக்கு, தலைக்கும் பஞ்சுக்கும் நடுவே ஒரு மெல்லிய பருத்தித் துணி. கைக்குட்டை கனம் போதும். தடித்த துண்டைக் கட்டினால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, ஆடும். அந்தத் துணியைத் தினம் அலசிப் போடுங்கள். பஞ்சை மாதம் ஒருமுறை கழுவினால் போதும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்கிறேன். பஞ்சு விரலில் பொடியாக உதிர்ந்தால் கழுவிப் பிரயோஜனம் இல்லை, பஞ்சை மாற்றுங்கள். உள்ளே தெர்மகோல் வெடித்திருந்தாலோ குழி விழுந்திருந்தாலோ, ஏற்கெனவே ஒரு விபத்தில் அடி வாங்கியிருந்தாலோ, எவ்வளவு வாசமாக இருந்தாலும் அது ஹெல்மெட் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள புதியது வாங்குங்கள். ஷூ சுத்தமாகியும் கால் நாறினால், உள்ளங்காலில் சின்னச் சின்னக் குழிகள் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தோலில் வந்த தொற்று. சோடா கேட்காது, தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அவனுக்கு ஆன செலவு ஒரு பாக்கெட் ஷாம்பு, ஒரு பொட்டலம் ஆப்பச் சோடா, பழைய செய்தித்தாள். இரண்டாவது ஜோடி ஷூவைச் சம்பளத்தில் வாங்கிக் கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பைக்கை எடுக்கும்போது ஹெல்மெட் கையில் இல்லாமல் தலையில் இருக்கட்டும்.