புருவமும் இலக்கணம்: சைகைமொழித் தரவில் முகம் மாற்றுதல்

பேச்சுமொழித் தரவில் ஒருவரின் அடையாளத்தை மறைப்பது ஓரளவு எளிது. பெயரையும் ஊரையும் நீக்கி எழுத்துப்படியை மட்டும் வெளியிட்டால் பெரும்பாலும் போதும். சைகைமொழித் தரவில் அந்த வழி இல்லை. அங்கு முகமே இலக்கணத்தின் ஒரு பகுதி. இந்தியச் சைகைமொழி உட்படப் பல சைகைமொழிகளில், ‘நீ சாப்பிட்டாய்’, ‘நீ சாப்பிட்டாயா’ என்னும் இரண்டுக்கும் கைகள் ஒரே சைகைகளைச் செய்யக்கூடும். வினாவை உணர்த்துபவை உயர்ந்த புருவங்களும், அகலத் திறந்த கண்களும், சற்றே முன்சாய்ந்த தலையும். தமிழில் ஈற்று ஆகாரம் செய்யும் வேலையை அங்கே புருவம் செய்கிறது. முகத்தை மங்கலாக்கினாலோ கண்களின் மேல் கறுப்புப் பட்டை இட்டாலோ, மறைவது ஆள் மட்டுமல்ல, வினாவும்தான்.

இந்தச் சிக்கலுக்கு மற்றொருவரின் முகம் ஒரு தீர்வாகலாம். ‘வெல்கம் டு செச்னியா’ என்னும் 2020ஆம் ஆண்டு ஆவணப்படம் இதை வேறொரு சூழலில் செய்துகாட்டியது. உயிருக்கு அஞ்சித் தப்பியோடியவர்களின் முகங்கள்மேல், தம் முகத்தைத் தர முன்வந்த தன்னார்வலர்களின் முகங்கள் பொருத்தப்பட்டன. அழுகையும் அச்சமும் அப்படியே இருந்தன, ஆள் மட்டும் மாறினார். அப்போது அதற்கு ஒரு திரைப்படக் குழுவின் உழைப்பு தேவைப்பட்டது. இன்று ஆய்வுக் கட்டுரையில் இடம்பெறும் நிழற்படம் ஒன்றுக்கு அதே வேலையை, ஒரு டிஃபியூஷன் மாதிரியையும் தன்னார்வலரின் பதினைந்து இருபது படங்களையும் கொண்டு ஒரே கணினியில் செய்ய இயலும். ஆளை மாற்றுவது இதில் எளிய பகுதி. ஆளை மாற்றும்போது புருவத்தைக் காப்பாற்றுவதே கடினம்.

இதற்குப் பயன்படுவது லோரா என்னும் சிறு அடாப்டர். 2021இல் மொழி மாதிரிகளுக்காக முன்வைக்கப்பட்ட இம்முறை, பின்னர் படமாதிரிகளுக்கும் வந்தது. இதில் பெரிய மாதிரியின் எடைகள் எதுவும் மாற்றப்படுவதில்லை. தேர்ந்தெடுத்த ஒவ்வோர் எடை அணிக்கும் பக்கத்தில், இரு மெலிந்த அணிகளின் பெருக்கமாக ஒரு திருத்தம் மட்டும் கற்பிக்கப்படுகிறது. 1280க்கு 1280 என்னும் அணியில் 16,38,400 எண்கள் உண்டு. திருத்தத்தின் ரேங்க் 16 என்று கொண்டால், மெலிந்த அணிகள் இரண்டிலும் சேர்த்து 40,960 எண்களே இருக்கும், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. பல கிகாபைட் அளவுள்ள மாதிரிக்கு, ஒருவரின் முகச்சாயலைத் தாங்கிய திருத்தம் சில பத்து மெகாபைட் கோப்பில் அடங்கிவிடுகிறது.

அந்த முகத்துக்கு ஒரு பெயரும் வேண்டும். 2022இல் வெளிவந்த ட்ரீம்பூத் ஆய்வு, மாதிரிக்கு முன்பொருள் ஏதும் இல்லாத அரிய குறியொன்றைப் பெயராக வைக்கச் சொன்னது. அதைப் பின்பற்றியவர்களிடையே பரவிய `sks` என்னும் குறி ஒரு துப்பாக்கி வகையின் பெயராகவும் இருந்ததால், சிலரின் உருவாக்கங்களில் துப்பாக்கிகள் தலைகாட்டின. குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறி என்பது மொழியியலின் முதற்பாடம். ஆனால் ஏற்கெனவே மொழியைக் கற்றுவிட்ட மாதிரிக்கு முழு இடுகுறி கிடைப்பது அரிது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

குறி எதைக் குறிக்கிறது என்பதில்தான் உண்மையான இடர் இருக்கிறது. ‘இது இவருடைய முகம்’ என்று மாதிரிக்கு யாரும் சொல்வதில்லை. படமும் அதற்கான விளக்க வரியும் மட்டுமே தரப்படுகின்றன. விளக்க வரியிலுள்ள பிற சொற்களால் விளக்க முடியாமல் எஞ்சுவது பெரும்பாலும் புதிய குறியின் பொருளாகச் சேர்ந்துவிடுகிறது. தன்னார்வலரின் பதினாறு படங்களிலும் அவர் சிரித்தபடி இருந்து, விளக்க வரிகளில் சிரிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், சிரிப்பு அவருடைய அடையாளத்தின் பகுதியாகக் கற்கப்படும். பிறகு சைகையாளரின் உயர்ந்த புருவத்தின்மேல் அந்த அடாப்டரைப் பயன்படுத்தினால் புருவம் தாழும், உதடு விரியும், வினா கூற்றாகும். படம் பார்க்க அழகாகவே இருக்கும் என்பதால் பிழை கண்ணில் படாது.

எனவே படங்களைத் தேர்ந்தெடுப்பதும் விளக்க வரி எழுதுவதுமே பயிற்சியின் பெரும்பகுதி. பதினாறு படங்கள் கொண்ட ஒரு தொகுப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வாய் மூடி இயல்பாக இருக்கும் படங்கள் நான்கு, புருவம் உயர்த்தியவை நான்கு, புருவம் நெரித்தவை நான்கு, வாய் திறந்தவையும் கன்னம் உப்பியவையுமாக நான்கு. ஒவ்வொரு நான்கிலும் நேர்முகம், இடச்சாய்வு, வலச்சாய்வு, தலை முன்குனிவு ஆகியவை ஒவ்வொன்று. உடையும் பின்னணியும் ஒளியும் இடையிடையே மாற வேண்டும். ஒரே நாளில் ஒரே சுவரின்முன் எடுத்தால் சுவரும் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். விளக்க வரியில் மாறக்கூடியவை அனைத்தும் இடம்பெற வேண்டும், மாறாத முகவமைப்பை மட்டும் சொல்லாமல் விட வேண்டும்:

```
photo of ohwx woman, eyebrows raised, eyes wide,
mouth closed, head tilted forward, window light
photo of ohwx woman, eyebrows furrowed, lips pressed,
facing left, blue kurta, outdoor shade
```

மூக்கின் வடிவம், கண்களின் இடைவெளி, தாடையின் கோடு ஆகியவை இவ்வரிகளில் இல்லை. எனவே அவை `ohwx` என்னும் குறிக்குள் செல்கின்றன. புருவ உயர்வுக்குத் தனிச்சொல் இருப்பதால், அது குறிக்கு வெளியே நிற்க வாய்ப்புண்டு.

இத்தகைய தொகுப்பில், ஒவ்வொரு படமும் ஏறத்தாழ நூறு முறை காட்டப்படுமாறு 1,600 படிகள் பயிற்சி அளிப்பது வழக்கமான தொடக்கப் புள்ளி. இருநூறு படிகளுக்கு ஒருமுறை அடாப்டரைச் சேமித்துவைப்பது நல்லது. கடைசிக் கோப்பே சிறந்தது என்று கருத வேண்டியதில்லை. குறைவாகக் கற்ற அடாப்டர், அக்காள் தங்கை போன்ற ஒரு சாயலை மட்டும் தரும். மிகுதியாகக் கற்றது, கேட்ட பாவனையைத் தராமல் பயிற்சிப் படங்களையே திருப்பித் தரும். தொகுப்பில் இல்லாத ஒரு சேர்க்கையைக் கேட்பது இதற்கு நல்ல சோதனை. வாய் திறந்தும் புருவம் உயர்ந்தும் இருக்கும் படம் தொகுப்பில் இல்லை என்றால், அதையே கேட்க வேண்டும். சாயலும் கேட்ட பாவனையும் சேர்ந்து கிடைக்கும் படிக்கோப்பே பயன்படுத்தத் தக்கது.

முகமாற்றத்தில், சைகையாளரின் படத்திலிருந்து முகப்பகுதி வெட்டியெடுத்துப் பெரிதாக்கப்படுகிறது. இம்மாதிரிகள் படத்தை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவில் இயங்குவதால், 64 புள்ளி அகலமுள்ள முகம் உள்ளே எட்டு அலகுகளாகிவிடும். அதில் புருவத்துக்கு இடமே இல்லை. பெரிதாக்கியபின் முகத்தின்மேல் ஒரு மறைப்பு வரையப்படுகிறது. சைகைமொழிக்கே உரிய இடர் ஒன்று இங்கே வரும். பல சைகைகள் மோவாயையும் நெற்றியையும் தொட்டுச் செய்யப்படுபவை. மறைப்பு விரல்களையும் மூடினால் மாதிரி அவற்றைப் புதிதாக வரைந்துவிடும், கைவடிவம் மாறிச் சொல்லே மாறும். எனவே மறைப்பிலிருந்து கையைத் தனியே கழிக்க வேண்டும்.

பின்னர் அப்பகுதியில் இரைச்சல் சேர்க்கப்பட்டு, அடாப்டரின் துணையோடு படிப்படியாக நீக்கப்படுகிறது. எவ்வளவு இரைச்சல் சேர்ப்பது என்பதுதான் முடிவான கேள்வி. 0.3 என்னும் அளவில் சேர்த்தால் புருவம் பத்திரமாக இருக்கும், ஆனால் அடியில் சைகையாளரின் முகமும் பெருமளவு எஞ்சும். 0.8 என்றால் அவர் மறைவார், அவருடைய புருவமும் மறையும். இடைப்பட்ட ஓரளவில் நிறுத்துவது மட்டும் போதாது. பாவனைக்கு வேறொரு வழித்துணை தேவை. சைகையாளரின் முகப்புள்ளிகளைக் கோட்டுருவமாக எடுத்து, கண்ட்ரோல்நெட் வழியாக மாதிரிக்குத் தரலாம். அப்போது புருவத்தின் இடம் கோட்டுருவத்திலிருந்தும் முகத்தின் சாயல் அடாப்டரிலிருந்தும் வரும். ஆனால் அக்கோட்டுருவம் சைகையாளரின் தாடைக்கோட்டையும் சுமக்கிறது. புருவம், கண், வாய் ஆகியவற்றின் புள்ளிகளை மட்டும் வைத்துத் தாடைப்புள்ளிகளை நீக்குவது மேல்.

முடிவைக் கண்ணால் மட்டும் மதிப்பிடக் கூடாது. ஆர்க்ஃபேஸ் போன்ற முக அடையாள மாதிரியைக் கொண்டு, கிடைத்த முகத்துக்கும் சைகையாளருக்கும் உள்ள ஒப்புமையை அளக்கலாம். பொது எல்லை எண் ஒன்றை நம்புவதைவிட, அதே வகைப் படங்களில் அந்நியர் இருவருக்கிடையே எவ்வளவு ஒப்புமை வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது சரி. சைகையாளரோடுள்ள ஒப்புமை அந்த அளவுக்கு இறங்கினால்தான் மறைப்பு நடந்திருக்கிறது. பாவனைக்கு, புருவத்துக்கும் கண்ணுக்கும் உள்ள தொலைவைக் கண்களின் இடைவெளியால் வகுத்துப் பார்க்கலாம். மாற்றிய முகத்திலும் அவ்விகிதம், அதே ஆளின் இயல்பு முகத்தைவிட மூலத்தில் உயர்ந்த அளவே உயர்ந்திருக்க வேண்டும். இதற்கும் மேலான சோதனை ஒன்று உண்டு. சைகைமொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் மாற்றிய படத்தைக் காட்டி, இது வினாவா கூற்றா என்று கேட்பதே அது.

இத்தனையும் கைகூடினாலும் மறைப்பு முழுமையாகாது. காது, முடி, கழுத்து, கைத்தழும்பு எல்லாம் சைகையாளருடையவையாகவே இருக்கும். காணொளியில் இன்னும் கடினம். ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே மாற்றினால் முகம் நடுங்கும். நடுக்கத்தை நீக்கினாலும், கையசைவின் பாணியைக் கொண்டே நண்பர்கள் ஆளைக் கண்டுகொள்வார்கள். ‘இனி உங்களை யாராலும் அறிய முடியாது’ என்னும் உறுதியைச் சைகையாளருக்குத் தர இயலாது. ‘உங்களை அறியாதவர்கள் முகத்தைக் கொண்டு உங்களைத் தேடுவது கடினமாகும்’ என்பதே சொல்லத்தக்கது.

தன்னார்வலரின் நிலையும் எண்ணிப்பார்க்கத் தக்கது. அவர் ஒரு கட்டுரையின் சில படங்களுக்காக முகத்தைத் தருகிறார். ஆனால் ஆய்வாளரிடம் சேர்வது அந்தப் படங்கள் மட்டுமல்ல. அவர் ஒருபோதும் செய்யாத எந்தப் பாவனையிலும் அவரை வரைந்து காட்டவல்ல கோப்பும் சேர்கிறது. பதினாறு மூலப் படங்களை அழித்தாலும் அக்கோப்பில் முகம் இருக்கும். ஆகவே அவரிடம் பெறும் ஒப்புதல் படிவத்தில் படங்களோடு அடாப்டரும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட வேண்டும்: யாரிடம் இருக்கும், எந்தச் சொற்றொடர்களுக்குப் பயன்படும், எப்போது அழிக்கப்படும் என்று. அவருடைய முகம் எந்தெந்த வாக்கியங்களைச் சொல்லப்போகிறது என்பதையும் அவர் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கட்டுரை வெளியானபின் அதைப் பார்ப்பவர் கண்ணுக்கு, அந்த வினாவைக் கேட்பவர் அவரே.